அப்பாவோட ஹவுசிங் லோனை என் பேருக்கு மாத்திக்கலாமா?

கேள்வி: சார், அப்பாவுக்கு 64 வயசு, மதுரையில இருக்கார், போன வருஷம் லேசா ஸ்ட்ரோக் வந்துச்சு. வீட்டு லோன் 12 லட்சம் பாக்கி, இன்னும் 6 வருஷம் இருக்கு, வட்டி 9.4 சதவீதம். தனியா ஒரு பர்சனல் லோன் ஒன்றரை லட்சம். ரெண்டு வருஷமா அப்பா அக்கவுண்ட்ல நான்தான் பணம் போட்டு கட்டிட்டு வரேன். வீடு அப்பா பேர்ல, தங்கச்சி ஒருத்தி கல்யாணமாகி திருச்சியில இருக்கா. ரெண்டு லோனையும் என் பேருக்கு மாத்திட்டு அப்பாவை நிம்மதியா இருக்க விடணும். பேங்க்ல கேட்டா "கோ-பாரோயரா சேந்துக்கோங்க, அவ்ளோதான்"ங்கிறாங்க. சேரலாமா?

பதில்: தம்பி, சேர்றதுக்கு முன்னாடி ஒன்னு தெரிஞ்சுக்கங்க. பேங்க்காரங்க சொல்றது லோனை மாத்துறது இல்ல, அப்பாவோட கடன்ல உங்களையும் கட்டிப்போடுறது. கோ-பாரோயரா கையெழுத்து போட்ட அன்னைக்கு மொத்த 12 லட்சத்துக்கும் நீங்க பொறுப்பு, பாதிக்கு இல்ல, ஆனா அப்பா ஒரு ரூபாய்க்குக்கூட விடுபட மாட்டார். உங்க சிபில்ல முழு கடனும் ஏறிடும், நாளைக்கு நீங்க சொந்தமா வீட்டு லோன் கேட்டா இந்த இஎம்ஐயை கழிச்சுட்டுத்தான் உங்க தகுதியை பாப்பாங்க. சரி வரி சலுகையாவது கிடைக்குமான்னா அதுவும் இல்ல, ஏன்னா அதுக்கு கடன்லயும் பேரு இருக்கணும், வீட்டுலயும் பங்கு இருக்கணும், உங்களுக்கு வீட்டுல பங்கு இல்லயே.

அப்பா நிஜமாவே வெளிய வரணும்னா பேங்க், அப்பா, நீங்க மூணு பேரும் சேந்து பழைய ஒப்பந்தத்தை முடிச்சு புதுசா ஒன்னு போடணும். 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 62-ஆவது பிரிவு இதைத்தான் சொல்லுது. நீங்களும் அப்பாவும் மட்டும் பேசி முடிவு பண்ணா பேங்கை அது கட்டுப்படுத்தாது, கடன் குடுத்தவன் சம்மதிக்காம கடன்காரன் மாற முடியாது. அதனால பேங்க்கிட்ட எழுத்துல வாங்க வேண்டியது மூணு விஷயம்: உங்களை கடன்காரரா ஏத்துக்கறோம், உங்க அப்பாவை இந்த தேதியில இருந்து விடுவிக்கிறோம், வீட்டு அடமானம் இனி இந்த புது கடனுக்குத்தான். இதுல நடுவுல இருக்கறதைத்தான் பேங்க் லேசுல குடுக்காது. வீடு அப்பா பேர்லயே இருக்கற வரைக்கும் அடமானம் வச்சவர் அவர்தான, எப்படி விடுவிப்பாங்க.

அப்போ வழி என்னன்னா, வீட்டை அப்பா உங்க பேருக்கு செட்டில்மென்ட் எழுதி, நீங்க உங்க பேர்ல புது லோன் போட்டு பழசை அடைக்கிறது. இதே பேங்க்லயும் பண்ணலாம், வேற பேங்க்லயும் பண்ணலாம், வேற பேங்குக்கு மாத்தறதா கோரிக்கை குடுத்தா 21 நாளுக்குள்ள சம்மதமா ஆட்சேபமான்னு பழைய பேங்க் பதில் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஆனா மூலப்பத்திரம் இப்போ பேங்க் லாக்கர்ல இருக்கு, என்ஓசி வாங்காம செட்டில்மென்ட் எழுதிடாதீங்க, உங்க லோன் அக்ரிமென்ட்லயே "எங்க அனுமதி இல்லாம சொத்தை கைமாத்தக்கூடாது"ன்னு ஒரு ஷரத்து இருக்கும், எடுத்து பாருங்க.

கணக்கு போட்டு பாப்போம். 12 லட்சம், 72 மாசம், 9.4 சதவீதத்துல இஎம்ஐ சுமார் 21,870. புது லோன் 8.5-க்கு கிடைக்குதுன்னே வச்சுக்கங்க, 21,330 வரும். மாசம் 540 ரூபா மிச்சம், 6 வருஷத்துக்கு கிட்டத்தட்ட 38,500. இப்போ செலவுப் பக்கம். வீட்டோட கைடுலைன் மதிப்பு 40 லட்சம்னா குடும்பத்துக்குள்ள எழுதற செட்டில்மென்ட்டுக்கு 1 சதவீதம் முத்திரைத்தாள், அதுக்கு உச்சவரம்பு 40,000, பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதுக்கு உச்சவரம்பு 10,000. ஆக 50,000 அங்கயே போச்சு, அப்புறம் பிராசஸிங் ஃபீஸ், லீகல் ஒப்பீனியன், புது அடமானப் பதிவு எல்லாம் தனி. ஃப்ளோட்டிங் ரேட் வீட்டு லோனுக்கு ப்ரீக்ளோஷர் சார்ஜ் கிடையாதுங்கிறது ஒன்னுதான் ஆறுதல். வட்டி குறையுதுன்னு மட்டும் இதை பண்ணாதீங்க, வீடு உங்களுக்குத்தான்னு குடும்பமா முடிவாகியிருந்தா மட்டும் பண்ணுங்க. தங்கச்சிகிட்ட முதல்ல பேசுங்க, அப்பா சொந்தமா சம்பாதிச்ச வீடுன்னா அவ கையெழுத்து சட்டப்படி வேண்டாம், ஆனா பின்னாடி தெரிஞ்சா அந்த உறவு திரும்ப வராது. இன்னொன்னு, அப்பா அம்மா கடைசி வரைக்கும் இருக்க உரிமை உண்டுன்னு பத்திரத்துல எழுதணும்னு ஆசைப்படுவீங்க, நியாயந்தான், ஆனா அந்த வாழ்நாள் உரிமையை பார்த்தா பல பேங்க் லோன் தர தயங்கும், இல்ல அவங்களையும் கையெழுத்து போட சொல்லும், அப்போ அப்பா திரும்ப உள்ள வந்துடுவார். டிராஃப்ட்டை பேங்க் வக்கீல்கிட்ட காட்டிட்டு பதிவு பண்ணுங்க.

எனக்கு பெரிய கவலை வேற எதுலயும் இல்ல, இதுலதான். அப்பா லோன் எடுத்தப்போ இன்சூரன்ஸ் ஒன்னு சேத்து போட்டாங்களான்னு இன்னைக்கே ஃபைல்ல தேடுங்க, சர்டிஃபிகேட்னு ஒரு தாள் இருக்கும், பிரீமியம் லோன் தொகையோடவே சேந்திருக்கும். அப்பா பேர்ல அது இருந்து, கவர் இன்னும் ஓடிட்டு இருந்தா, அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா மீதி கடனை அதுவே அடைக்கும். நீங்க லோனை உங்க பேருக்கு மாத்தினீங்கன்னா அந்த பாதுகாப்பு அறுந்து போகலாம், ஸ்ட்ரோக் வந்தவருக்கு புதுசா லேசுல தர மாட்டாங்க. பழைய லோன் குளோஸ் ஆனாலும் கவர் தொடருமான்னு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டுட்டுத்தான் அடுத்த அடி.

அந்த கவர் இருந்தா நான் உங்க இடத்துல லோனை அப்பா பேர்லயே விட்டுடுவேன். ஆனா கட்டுற முறையை மாத்துவேன். என்கிட்ட வந்த ஒருத்தர் ஆறு வருஷம் அப்பா அக்கவுண்ட்ல பணம் போட்டே கட்டினார், அப்பா தவறினதும் அக்கவுண்ட்டை நிறுத்திட்டாங்க, ஆட்டோ டெபிட் ரெண்டு மாசம் பவுன்ஸ், அபராதத்தோட நோட்டீஸ் வீட்டுக்கு வந்துச்சு. அதனால உங்க அக்கவுண்ட்ல இருந்தே ஆட்டோ டெபிட் போக முடியுமான்னு கேளுங்க, முடிஞ்சா அப்படி மாத்துங்க. நீங்க கட்டினதுக்கு ரெக்கார்டும் நிக்கும்.

பர்சனல் லோனுக்கு வேற பதில். அதை மாத்தற வழக்கமே கிடையாது, அடமானம் எதுவும் இல்லாத கடன். கேரண்டரா மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க. இப்போதைக்கு சட்டப்படி நீங்க அதுக்கு பொறுப்பே இல்ல, அப்பாவுக்கு அப்புறமும் அவர் விட்டுட்டு போற சொத்து மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகிட்ட கேக்கலாம், கையெழுத்து போட்டா உங்க சம்பளமே மாட்டிக்கும். கையில பணம் இருந்தா, இல்ல உங்க பேர்ல குறைஞ்ச வட்டிக்கு கிடைச்சா, ஒரே தடவையா அடைச்சு அப்பா பேருக்கு என்ஓசி வாங்கிடுங்க. முன்கூட்டி முடிக்க சார்ஜ் எவ்ளோன்னு முதல்ல கேளுங்க.

எந்த வழியா இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. செட்டில்மென்டோ லோன் மாத்தறதோ அப்பா புரிஞ்சு கையெழுத்து போடணும், ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சா பத்திரம் நிக்காம போகலாம், இப்போ பவர் எழுதி வச்சுக்கலாம்னு நினைச்சாலும் அவர் சுயநினைவு போனா அந்த பவரும் சட்டப்படி முடிஞ்சிடும். கை நடுங்குதுன்னா அவரை கவனிக்கிற டாக்டர்கிட்ட மனநிலை தெளிவா இருக்குன்னு அதே வாரத்துல ஒரு சர்டிஃபிகேட் வாங்கி வச்சுட்டு பதிவு ஆபீசுக்கு கூட்டிட்டு போங்க.