காமிராவால் முடியாதவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவிய வரலாறு பற்றிய உரைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: ‘காமிரா வந்தது, அச்சு அசலாக வரையும் வேலையை அது எடுத்துக்கொண்டது, ஓவியர்கள் வேறு பக்கம் போனார்கள்.’ ஆனால் தெலக்ருவா, கூர்பே போன்றவர்கள் புகைப்படத்தைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். யதார்த்தத்துக்கு உதவிய கருவி எப்படி அதிலிருந்து ஓவியர்களை விலக்கியது? மோனேயின் ஓவியங்களில் மனிதர்கள் வெறும் கோடுகளாகத் தெரிவதற்கும் காமிராவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அந்த வரியில் பாதிதான் உண்மை. 1839இல் டாகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டதும் பெரிய ஓவியர்கள் யாரும் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. ‘இன்றோடு ஓவியம் செத்தது’ என்று ஓவியர் டெலரோஷ் சொன்னதாகப் பரவிய வாசகத்துக்கு நம்பகமான சான்று இல்லை. அவர் அந்தக் கண்டுபிடிப்பை ஆதரித்து எழுதியதுதான் பதிவில் இருக்கிறது. உடனடியாகப் பிழைப்பை இழந்தவர்கள், உள்ளங்கையளவுச் சிற்றுருவப் படங்கள் வரைந்துகொடுத்தவர்கள். 1854இல் புகைப்படக்காரர் திஸ்தேரி ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு உருவப்படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் அந்தத் தொழில் மீளவே இல்லை.

மற்றவர்களுக்குப் புகைப்படம் முதலில் ஒரு வசதி. மணிக்கணக்கில் அசையாமல் நிற்க மாடலுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தெலக்ருவா 1854இல் புகைப்படக்காரர் துரியூவோடு சேர்ந்து மாடல்களைப் படம் எடுத்தார். அவற்றில் ஒன்றிலிருந்து 1857இன் ‘ஓதலிஸ்க்’ பிறந்தது. ஆகவே முதல் இருபது ஆண்டுகளில் காமிரா யதார்த்தத்தைக் கெட்டிப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். விலகல் வேறு வழியாக வந்தது. அந்தக் காலத்துத் தகட்டுக்கு எதெல்லாம் முடியவில்லை என்று பார்த்தால் அந்த வழி தெரியும்.

1851க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் போலக் கோலோச்சியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடங்கள் முக்கி, ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்து எடுத்து, அதே ஈரத்தோடு இருட்டறையில் கழுவ வேண்டும். காய்ந்தால் உணர்திறன் போய்விடும். இந்தத் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். பச்சை, மஞ்சள், சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. மரங்கள் கருங்கும்பலாக விழும். முகத்தின் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாகும். நீல வானமும் வெண்மேகமும் ஒரே வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும், ஏனென்றால் தரை பதிவதற்குள் வானத்துக்கு அளவுக்கு மிஞ்சிய ஒளி கிடைத்துவிடும்.

புகைப்படக்காரர் லெ க்ரே 1850களின் பிற்பகுதியில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் இதற்குக் கண்ட மாற்று, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு இன்னொன்று என்று எடுத்து அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிடுவது. உற்றுப் பார்த்தால் இது பிடிபடும்: ஒரே மேகக்கூட்டம் இரண்டு வெவ்வேறு கடல்களின் மேல் நிற்கும், மேகத்தில் விழும் ஒளிக்கும் அலையில் மின்னும் ஒளிக்கும் திசை ஒத்துப்போகாது.

ஆக, பொருளின் வடிவத்தையும் விளிம்பையும் இந்தத் தகடு எந்த ஓவியனையும்விட நுட்பமாகத் தந்தது. நிறத்தையும், ஒரே நேரத்தில் வானும் நிலமும் வாங்கும் ஒளியையும் தரவில்லை. வண்ணப் புகைப்படத் தகடு கடைக்கு வந்தது 1907இல்தான். இடைப்பட்ட 68 ஆண்டுகள் நிறம் ஓவியனின் கையில் இருந்தது. நிழலைப் பழுப்பால் நிரப்பாமல் நீலத்தால் போடுவது, புல்லின் பச்சை பக்கத்துச் சுவரில் ஏறுவதைக் காட்டுவது போன்ற இம்ப்ரெஷனிச வேலைகள் எல்லாம் அந்த இடைவெளியில் நடந்தவை. ஆனால் இதைக் காமிராவின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841இல் வந்தது, அதனால் வெளியில் உட்கார்ந்து வரைவது சுலபமாயிற்று. அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற ஷெவ்ரலின் ஆய்வு நூலும் டாகேரின் அதே 1839இல்தான் வெளியானது.

இனி மோனே. 1873–74 குளிர்காலத்தில் அவர் வரைந்த ‘புல்வார் தே கப்புசீன்’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது, ஒன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், மற்றது மாஸ்கோவில். பார்வை புறப்படும் இடம் அதே தெருவின் 35ஆம் எண் கட்டடம். அது புகைப்படக்காரர் நதாரின் ஸ்டூடியோ இருந்த இடம். 1874 ஏப்ரல் 15இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி அங்கேதான் திறந்தது. இந்த ஓவியத்தின் ஒரு வடிவம் அங்கே தொங்கியது.

கீழே தெருவில் நடப்பவர்களை மோனே ஒருவருக்கு ஒன்றிரண்டு கருந்தீற்றல் என்று போட்டிருக்கிறார். முகமோ கைவிரலோ இல்லை. லெருவா என்ற விமர்சகர் ‘ஷாரிவாரி’ இதழில் இதை நக்கித் தேய்த்த கறுப்பு என்று கேலி செய்தார், நான் தெருவில் நடந்தால் இப்படியா இருப்பேன் என்று தன் கதாபாத்திரம் ஒன்றைக் கேட்கவைத்தார். அக்காலத்துப் பெரிய தகடுகளைப் பார்த்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். தகட்டுக்குச் சில விநாடி ஒளி வேண்டும். அதற்குள் நடப்பவர் பல அடி நகர்ந்துவிடுவார். கட்டடம் கூர்மையாக விழும், மனிதர் புகைபோல இழுபட்டு விழுவார். டாகேரின் 1838ஆம் ஆண்டுத் தெருப்படத்தில் நிமிடக்கணக்கில் ஒளி வாங்கியதால் நடமாட்டமே மறைந்துபோய், செருப்புக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார்.

ஆனால் 1870களில் நடப்பவர் உறைந்து நிற்கும் படங்களும் கடையில் கிடைத்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது. இரட்டைக்கண் பெட்டியில் வைத்துப் பார்க்கும் ஸ்டீரியோ படங்கள் அவை. தகடு சிறியது, லென்ஸின் குவியதூரம் குறைவு, ஒளி வேகமாகப் பதியும். மாடியிலிருந்து தூரமாக எடுத்தால் மனிதரின் நகர்வு தகட்டில் மயிரிழையளவே இருக்கும். அதனால் காலைத் தூக்கியபடி நிற்பவர்கள் துல்லியமாகக் கிடைத்தார்கள். மோனேயின் ஓவியம் மாடியிலிருந்து சரியும் அதே கோணத்தை எடுத்துக்கொள்கிறது. வலது ஓரத்தில் தொப்பிக்காரர்கள் சட்டகத்தால் வெட்டுப்படுவதும் புகைப்படம் பழக்கிய பார்வைதான். உறைந்த காலை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குறிப்பிட்ட படத்தைப் பார்த்து அவர் வரைந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கூட்டம் நகர்கிறது என்ற உணர்வு இழுபட்ட கறையில் இருக்கிறது, உறைந்த உருவத்தில் இல்லை என்பதை அந்தப் படங்கள் ஊரறிய வைத்திருந்தன என்பதுதான் என் வாதம்.

அதையே 1878 இன்னும் கூர்மையாக்கியது. புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் கலிஃபோர்னியாவில் 12 காமிராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். நான்கு காலும் தரையை விட்டு எழுவது உண்மை, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. ஜெரிகோவின் 1821ஆம் ஆண்டு எப்சம் பந்தய ஓவியத்தில் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும் குதிரைகள் எந்தக் கணத்திலும் அப்படி இருந்ததில்லை. குதிரையின் நடையை ஆயுள் முழுக்க ஆராய்ந்து வரைந்த மெசோனியே இதைக் கண்டு கலங்கினார், பிறகு மைப்ரிட்ஜைத் தன் வீட்டுக்கே அழைத்துப் படங்களைக் காட்டச் செய்தார். தெகா அந்தப் படங்களைப் பார்த்துப் பயிற்சி வரைவுகள் போட்டார். பல ஆண்டுகள் கழித்துச் சிற்பி ரோடான் எதிர்த்திசையில் பேசினார்: ஜெரிகோவின் குதிரை ஓடுகிறது, புகைப்படத்தின் குதிரை நிற்கிறது, ஏனென்றால் நிஜத்தில் காலம் நிற்பதில்லை.

மெசோனியேயின் கலக்கத்தையும் ரோடானின் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்பது 1839க்கு முன் ஒரே பொருளில் இருந்தது. கண்ணுக்குத் தெரிவதும் உண்மையில் நடப்பதும் வேறு வேறு என்று தகடு காட்டியபின் ஓவியன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. மோனே கண்ணுக்குத் தெரிவதைத் தேர்ந்தார்.

அன்புடன்