10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என் போனை ஏன் இரண்டு முறை சார்ஜ் செய்வதில்லை?

"1,200 ரூபாய்க்கு 10,000 எம்ஏஎச் வாங்கினேன். போன் பேட்டரி 5,000. இரண்டு முறை ஏறவேண்டாமா? இதைவிட சுவரில் செருகும் சார்ஜரே லாபமா?"

ஏறாது. அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட் அவர். போனுக்குப் போவது 5 வோல்ட். மாற்றும்போது கொஞ்சம் சூடாகவே வீணாகும். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இருக்கும், அதுதான் நிஜம். 6,000 என்று போட்டிருந்தால் 30 வாட் அவர். உங்கள் போனுக்குச் சுமார் 19 வேண்டும். போன் ஏற்றிக்கொள்ளும்போது போகும் இழப்பையும் கழித்தால் ஏறக்குறைய 1.3 முறைதான் ஏறும்.

300 தடவை நிரப்பிப் பயன்படுத்தினால் 390 சார்ஜ், ஒன்றுக்கு மூன்று ரூபாய். 500 ரூபாய் சார்ஜர் தினம் ஒருமுறை வீதம் மூன்று வருடம் உழைத்தால், மின்சாரம் சேர்த்தும் ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆகவே பவர் பேங்க் பயணத்துக்கு மட்டும்.

அப்புறம், இரண்டிலும் 'R-' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணைப் பாருங்கள். அதை BIS CARE செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் தயாரிப்பாளர் என்று வேறு பெயர் இருந்தால், நான் வாங்கமாட்டேன்.