மேல்திறப்பு மெஷினும் பாலியஸ்டர் துணியும்: கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம் வாசகி: அண்ணே, எங்களுடையது 9 கிலோ மேல்திறப்பு மெஷின். பிள்ளைகளின் ஜெர்சி, என் பாலியஸ்டர் சுடிதார் எல்லாவற்றையும் தினமும் துவைக்கிறேன். துணியிலிருந்து நுண்ணிழைகள், அதாவது மிக நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள், கழிவதைக் குறைக்க எதை மாற்றுவது?

முதலில் தண்ணீர் அளவை மாற்றுங்கள், தங்கச்சி. ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு அதிகத் தண்ணீர் இருக்கிறதோ, அவ்வளவு தாராளமாக அது துணிக்குள் பாய்ந்து, தளர்ந்து கிடக்கும் இழைகளை உருவிக்கொண்டு போகும். 2 கிலோ துணியை 60 லிட்டரில் துவைத்தால் கிலோவுக்கு 30 லிட்டர். மூன்று நாள் துணியைச் சேர்த்து 6 கிலோவாக அதே 60 லிட்டரில் துவைத்தால் 10 லிட்டர்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஜெர்சியைக் குவித்து வைத்தால் நாறும் என்பதால், அலசிக் கொடியில் உலர்த்திய பிறகு கூடையில் சேருங்கள். சேர்ப்பது நல்லதென்று திணித்துவிடவும் கூடாது. துவைத்தபின் சோப்புத் தூள் மடிப்புகளில் ஒட்டியிருந்தால் துணியின் அளவு மீறிவிட்டது என்று பொருள். குறைந்த துணியைத் துவைத்தே ஆகவேண்டிய நாளில், நீர்மட்டத்தைக் கையால் குறைத்துவிடுங்கள்.

ஜெலுத்தோங் அன்பர்: இவ்வளவு எதற்கு? டெலிகேட் முறையில் போட்டால் மெதுவாகச் சுழலும், இழையும் கழியாது.

மெதுவாகச் சுழல்வது உண்மை. ஆனால் அந்த முறை எடுக்கும் தண்ணீர் அதிகம். 2019-இல் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வில், வழக்கமான சலவையைவிட டெலிகேட் முறையில் சராசரியாக 8 லட்சம் இழைகள் கூடுதலாக வெளியேறின.

அதே அன்பர்: அது வெள்ளைக்காரர்களின் மெஷின். நம்முடையதற்குப் பொருந்துமா?

எண்ணிக்கை அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; தண்ணீர் கூடினால் இழை கூடும் என்பது மெஷின் எந்த நாட்டுடையது என்று பார்க்காது. உங்கள் மெஷினின் டெலிகேட் முறையில் எவ்வளவு நிரம்புகிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: மெஷினுக்குள் இருக்கும் வலைப்பை போதாதா?

அதன் கண்கள் பெரியவை. திரண்ட பஞ்சு சிக்கும், தனி இழை நழுவிவிடும். இதற்கென்றே நெய்த சலவைப் பை, 2020-இல் பிளிமத் பல்கலைக்கழகச் சோதனையில் சுமார் 54 விழுக்காட்டைத் தடுத்தது. வெளியே பொருத்தும் வடிகட்டிகளில் சிறந்தது 78 விழுக்காட்டை எட்டியது. எதைப் பயன்படுத்தினாலும், சிக்கியதை சிங்க்கில் கழுவாதீர்கள். காயவிட்டுக் கையால் உரித்துக் குப்பையில் போடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: என் கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டுகிறதே?

அது பெரும்பாலும் துண்டிலிருந்து வருவது. துண்டைத் தனியே துவையுங்கள்.

ஜெலுத்தோங் அன்பர்: பார்த்தேன். பாதிக்கு மேல் நிரம்புகிறது. ஆனால் துணியும் நிறைய இருந்ததே!

எத்தனை கிலோ என்று நிறுத்துச் சொல்லுங்கள், பிறகு வாதிடலாம்.

இன்னொருவர்: வலைப்பையை சிங்க்கில் கழுவலாமா?

கூடாது. பட்டர்வொர்த் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.