சான்றிதழ் ஒரு பெயர், ஆதார் ஒரு பெயர்: ஐபிபிஎஸ் பதிவு

"மார்க் ஷீட்டில் கவிதா எம், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கவிதா சுரேஷ். ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வுக்கு எந்தப் பெயரில் பதிவு செய்வது?"

மார்க் ஷீட்டில் உள்ளபடியே, 'கவிதா எம்' என்று பதிவு செய்யுங்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை எல்லாம் அந்தப் பெயரில்தானே இருக்கும்.

சிக்கல் வருவது தேர்வு மையத்தின் வாசலில். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். திருமணத்தால் பெயர் மாறியவர்கள் திருமணப் பதிவுச் சான்று, அரசிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம் இவற்றில் ஒன்றின் அசலைக் காட்டினால் அனுமதி உண்டு. நகல் மட்டும் போதாது.

முதலில் உங்கள் பான் கார்டை எடுத்துப் பாருங்கள். பலர் ஆதாரை மட்டும் மாற்றிவிட்டு பானை அப்படியே விட்டிருப்பார்கள். அதில் இன்னும் 'கவிதா எம்' என்றே இருந்தால் அசலும் ஒரு நகலுமாக அதையே கொண்டுபோங்கள், வேலை சுலபம். ரேஷன் கார்டு செல்லாது.

ஒன்று கவனம்: திருமணச் சான்றில் உங்கள் பழைய பெயர் மார்க் ஷீட்டில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கிறதா பாருங்கள். அங்கே 'Kavitha', இங்கே 'Kavita' என்றிருந்தால் அந்தச் சான்றே கேள்விக்குள்ளாகும்; தேர்வுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.