செவிப்பறையில் வெள்ளைத் திட்டு: பயப்பட வேண்டியது எதற்கு?

*கேள்வி: என் வயது 36. சிறு வயதில் இரண்டு காதிலும் அடிக்கடி சீழ் வடியும், பிறகு நின்றுவிட்டது. போன மாதம் ஆன்லைனில் காது கேமரா வாங்கிப் பார்த்தேன். வலது செவிப்பறையில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு இருக்கிறது, கொஞ்சம் சிவந்தும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கட்டி, ஓட்டை, செவிடு என்றெல்லாம் வருகிறது. இடது காது நன்றாக இருக்கிறது. மேல் ஓரத்தில் பழுப்பாகக் கொஞ்சம் அழுக்கு ஒட்டியிருக்கிறது, எப்போதாவது தலையணையில் லேசான நாற்றத்துடன் ஈரம் படும், அவ்வளவுதான். வலது காது கேட்காமல் போய்விடுமா? ஆபரேஷன் வேண்டுமா? — வாசகி, கும்பகோணம்*

வலது காது கேட்காமல் போகாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது இடது காதைப் பற்றித்தான். இந்த வாரத்திலேயே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால், காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை வைத்துப் பார்க்கும்போது நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்திருக்கும் வெளிச்செவிக் குழாய் நேராகும். அதன் முடிவில், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில், செவிப்பறை சற்றே சாய்வாக நிற்கும். அதன் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆரோக்கியமான செவிப்பறை முத்தின் சாம்பல் நிறத்தில், ஒளி ஓரளவு ஊடுருவும்படி இருக்கும். நடுச்செவியின் சிற்றெலும்புகளில் ஒன்றான சுத்தி எலும்பின் கைப்பிடி மேலிருந்து நடுவரை இறங்கி வருவது தெளிவாகத் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து கீழாகவும் முன்னாகவும் முக்கோண வடிவில் ஒளி பளிச்சிடும். வலது காதில் கடிகாரத்தின் 5 மணித் திசையிலும், இடது காதில் 7 மணித் திசையிலும் அதைப் பார்க்கலாம். சுத்தி எலும்பின் சிறு முனைக்கு மேலே, பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிற ஒரு சிறு பகுதி உண்டு. அதை ஆட்டிக் பகுதி என்போம். அதைப் பார்க்காமல் காதைப் பார்த்து முடித்ததாக எந்தக் காது மருத்துவரும் சொல்லமாட்டார்.

கிருமித் தொற்று வந்த செவிப்பறையின் தோற்றம் வேறு. நடுச்செவியில் சீழ் சேர்ந்து உள்ளிருந்து தள்ளுவதால் பறை வெளிப்புறமாகப் புடைத்து, ஒளி ஊடுருவாமல் மங்கி, சுத்தி எலும்பின் கைப்பிடியையும் மறைத்துவிடும். காதில் காற்றுப் புகாதபடி பொருத்திய சீகல் ஸ்பெக்குலத்தின் ரப்பர்ப் பந்தை மெல்ல அழுத்தினால் நல்ல பறை உள்ளும் வெளியும் அசையும். பின்னால் சீழோ நீரோ நின்றால் அசையாது, அல்லது மிகக் குறைவாகவே அசையும். தொற்று என்று முடிவு செய்ய நாங்கள் நம்புவது இந்தப் புடைப்பையும் அசைவின்மையையும்தான். சிவப்பை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்வதில்லை. குழந்தை அழுதாலே பறை சிவக்கும், காதுக்குள் எதையாவது விட்டுத் துழாவினாலும் கைப்பிடியை ஒட்டிய இரத்த நாளங்கள் சிவந்துவிடும். வலியும் காய்ச்சலும் இல்லாத உங்கள் வலது காதில் தெரிந்த சிவப்பு பெரும்பாலும் அந்தக் கேமராவே உண்டாக்கியதாக இருக்கும். அதை இனிக் காதுக்குள் விடாதீர்கள்.

அடுத்து அந்த வெள்ளைத் திட்டு. செவிப்பறை மூன்று அடுக்குகளால் ஆனது: வெளியே தோல், உள்ளே சளிச்சவ்வு, நடுவே உறுதி தரும் நார் அடுக்கு. சிறு வயதில் திரும்பத் திரும்பச் சீழ் வந்து ஆறிய காதுகளில், நார் அடுக்குக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து, விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டாக நிற்கும். மருத்துவத்தில் இதை டிம்பனோஸ்கிளிரோசிஸ் என்போம். இது முன்பு வந்த நோய் விட்டுச்சென்ற தழும்பு. பரவாது, புற்றுநோயாக மாறாது, பறையோடு நின்றவரை கேட்கும் திறனையும் ஏறக்குறையக் குறைக்காது. திட்டு பறையைத் தாண்டி நடுச்செவியின் சிற்றெலும்புகளையும் பிடித்துக்கொண்டால்தான் கேட்கும் திறன் குறையும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தால் அது தெரிந்துவிடும். கேட்பதில் குறையில்லாதபோது இதற்கு மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். இணையத்தில் படித்த ‘ஓட்டை’யையும் மறந்துவிடுங்கள். பழைய ஓட்டை ஆறும்போது நார் அடுக்கு திரும்ப வளராமல் மெல்லிய சவ்வு மட்டும் மூடிக்கொள்வது உண்டு. அந்த இடம் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் கேமராவில் ஓட்டையாகவே தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் மூடியிருப்பது உறுதியாகும்.

இனி நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று எழுதி முடித்துவிட்ட இடது காதுக்கு வருகிறேன்.

காதுக் குறும்பி வெளிச்செவிக் குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதியில் மட்டுமே சுரக்கிறது. செவிப்பறையின் மேலோ அதன் மேல் ஓரத்திலோ குறும்பி சுரக்கும் சுரப்பிகள் இல்லை. அதோடு, பறையின் மேல்தோல் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து குழாய் வழியே வெளிப்புறமாகவும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. அப்படியிருக்க, பறையின் மேல் ஓரத்தில், அதுவும் ஆட்டிக் பகுதியில், ஒரு பழுப்புப் பொருக்கு நகராமல் ஒட்டியிருந்தால் அதை அழுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பட்ஸ் போட்டு உள்ளே தள்ளிய குறும்பியாகவும் அது இருக்கலாம். ஆனால் பொருக்கை எடுத்துப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை அப்படி எடுத்துக்கொள்வது தவறு.

ஆட்டிக் பகுதியில் நார் அடுக்கு சரியாக அமைந்திருப்பதில்லை. அதனால் அது தளர்ந்திருக்கும். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் ஊஸ்டேகியன் குழல் பல ஆண்டுகளாகச் சரியாகத் திறக்காமல் இருந்தால், நடுச்செவிக்குள் காற்றழுத்தம் குறைந்து, இந்தத் தளர்ந்த பகுதி உள்ளே இழுக்கப்பட்டுச் சிறு பையாகக் குழிந்துவிடும். பையின் உட்புறத்தில் இருப்பதும் தோல்தான் என்பதால் அது செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வாய் குறுகலாக இருப்பதால் அவை வெளியேற வழியிருக்காது. உதிர்ந்தவை வெண்மையான குவியலாகச் சேர்ந்து, கிருமி பற்றி, நாற்றமெடுத்து, பையும் பெரிதாகித் தன்னைச் சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்ல அரிக்கத் தொடங்கும். இதைத்தான் கொலஸ்டியடோமா என்கிறோம். இதுவும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் சிற்றெலும்புகளில் இன்னொன்றான பட்டடை எலும்பு, முகத்தை அசைக்கும் நரம்பு, உட்செவி, மூளையின் உறை ஆகிய எல்லாமே சில மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதால் விட்டுவைக்க முடியாத நோய்.

இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். பறையின் நடுவில் ஓட்டை விழுந்த காதில் சளி போன்ற நீர் ஏராளமாக வழியும், பெரும்பாலும் நாற்றம் இருக்காது, சளி பிடிக்கும்போது அதிகமாகும். கொலஸ்டியடோமா உள்ள காதில் ஒழுக்கு மிகக் கொஞ்சம், தலையணையில் ஒரு புள்ளி அளவுக்கே. ஆனால் நாற்றம் தனியாகத் தெரியும். வலியும் இருக்காது. அளவு குறைவு என்பதால் நிம்மதி கொள்ளக் கூடாது. நாற்றமும் திரும்பத் திரும்ப வருவதும்தான் முக்கியம். ‘காது நன்றாகத்தான் கேட்கிறது’ என்பதும் ஆறுதல் தராது. சிற்றெலும்பு அரிக்கப்பட்ட பிறகும், இடையிலுள்ள பையே ஒலியைக் கடத்திக் கொடுப்பதால், சிலருக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.

மருத்துவர் மைக்ரோஸ்கோப்பின் கீழ் உங்களைப் படுக்கவைத்து, மெல்லிய உறிஞ்சுகுழாயாலும் கொக்கியாலும் அந்தப் பொருக்கை எடுப்பார். பின்னால் ஒன்றுமில்லாமல் சமமான தோல் தெரிந்தால் அது குறும்பிதான், கவலையை விட்டுவிடலாம். அடிப்பகுதி முழுதும் கண்ணுக்குத் தெரிகிற ஆழமில்லாத குழி இருந்து, அதில் எதுவும் தேங்காமல் இருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் சுத்தம் செய்து கண்காணித்தாலே போதும். குழியின் அடி தெரியாமல், உள்ளிருந்து வெண்செதில்கள் வந்துகொண்டே இருந்தாலோ, மேல் ஓர எலும்பு அரித்திருந்தாலோ, ஆடியோகிராமும் காதெலும்பின் சி.டி. ஸ்கேனும் எடுத்து ஆபரேஷனுக்குத் திட்டமிடுவார்கள். ஆபரேஷனின் முதல் நோக்கம் நோயை முழுதாக அகற்றிக் காதை உலர்ந்ததாகவும் ஆபத்தில்லாததாகவும் ஆக்குவது. கேட்கும் திறனைச் சீர்செய்வது இரண்டாவதாகத்தான் வரும். நோய் மீண்டும் வரக்கூடியது என்பதால் பல ஆண்டுகள் தொடர்ந்து காட்ட வேண்டியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் மைக்ரோஸ்கோப் பரிசோதனை உண்டு. செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை காதில் எதையும் விடாதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடவே கூடாது. மருந்துக் கடையில் ‘காது வலிக்கு’ என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஜென்டாமைசின் கலந்தவை உண்டு; பறையில் ஓட்டை இருந்தால் அது உட்செவிக்குள் சென்று, அங்குள்ள உணர்வணுக்களை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். பறையைப் பார்க்காமல் காதுச் சொட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை நம் வீடுகளில் எத்தனை முறை கண்டித்தாலும் போதாது. பட்ஸும் காது கேமராவோடு வந்த கரண்டியும் அந்தப் பொருக்கைத் தொடவே கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயோ கண்ணிமையோ ஒரு பக்கமாகக் கோணினாலும், காதின் முன்குருத்தை அழுத்தும்போது தலை சுற்றினாலும், காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினாலும், காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து கடும் தலைவலி வந்தாலும், மருத்துவர் கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.