கடையின் அட்மின் கணக்கு: ஓடிபி மட்டும் காப்பாற்றுமா?

"கரூரில் இருந்து போர்வை, துண்டு ஆன்லைனில் விற்கிறேன். ஷாப்பிஃபை கடை. '24 மணி நேரத்தில் உங்கள் கடை முடக்கப்படும், உடனே உறுதிப்படுத்துங்கள்' என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. நான்தான் ஓடிபி வைத்திருக்கிறேனே, லிங்கைத் திறந்து பார்ப்பதில் ஆபத்து உண்டா?"

உண்டு. அந்த லிங்க் வழியாக மட்டும் போகாதீர்கள். பிரவுசரில் `admin.shopify.com` என்று நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பிரச்சினை உண்மையானால் அங்கேயே அறிவிப்பு இருக்கும்.

ஓடிபி இருந்தும் கணக்கு பறிபோவது இப்படித்தான். போலிப் பக்கத்தில் நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும், பின்னால் இருக்கும் நிரல் அதே நொடியில் உண்மையான தளத்தில் அதைப் போடுகிறது. உங்கள் போனுக்கு வருவது நிஜமான ஓடிபிதான். அதையும் போலிப் பக்கத்தில் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். எஸ்எம்எஸ் மட்டுமல்ல, ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணும் இப்படிப் போகும்.

லிங்கின் முகவரியைப் படிக்கப் பழகுங்கள். இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்:

```
https://admin.shopify.com.kadai-verify.example/login
```

`https://`-க்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். `kadai-verify.example` என்பதுதான் இந்தத் தளம். முன்னால் இருக்கும் `admin.shopify.com` வெறும் ஒட்டு.

கண் ஏமாந்தாலும் ஏமாறாதது பாஸ்கீ. கைரேகையிலோ போன் லாக்கிலோ திறக்கும் இந்தச் சாவி, எந்த முகவரிக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும். அட்மினில் வலது மேல் மூலையில் உங்கள் பெயரைத் தட்டி, கணக்கு நிர்வாகத்தின் பாதுகாப்புப் பகுதியில் இதைச் சேர்க்கலாம். ஒரு வரம்பு உண்டு: பாஸ்வேர்டு வழியும் திறந்தே இருந்தால் போலிப் பக்கம் அதைக் கேட்கும். பாஸ்கீயில் நுழைந்து பழகிய உங்களிடம் ஒரு பக்கம் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

பாஸ்வேர்டை பாஸ்வேர்டு மேனேஜரே உருவாக்கட்டும், 16 எழுத்துக்குக் குறையாமல். போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது, அதுவே ஒரு எச்சரிக்கை. கடையின் மெயில் கணக்குக்கு வேறு பாஸ்வேர்டும் இரண்டடுக்கு லாகினும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வரும். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். பேக்கிங் பார்ப்பவருக்கு உங்கள் லாகினைக் கொடுக்காமல், ஆர்டர் மட்டும் தெரியும் தனிக் கணக்கு கொடுங்கள்.

ஏற்கெனவே லிங்கில் விவரம் கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாகவுட் செய்யுங்கள். அதோடு விடாமல், தெரியாத ஊழியர் கணக்கோ ஆப்போ சேர்ந்திருக்கிறதா, பேமென்ட் கேட்வே மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பணம் வேறு கைக்குப் போவது இந்த வழியில்தான். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.