ராத்திரியில் உளறும் பெரியவர்: தூக்க ஊசிக்கு முன்னால் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: கோபிக்குப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா சேர்ந்து கொஞ்ச நாள்தானுங்க ஆகுது. பெரும்பாலும் நைட் ட்யூட்டி. பகல்ல நல்லாப் பேசுற வயசானவங்க ராத்திரியில திடீர்னு ட்ரிப்ஸைப் பிடுங்கறாங்க, எங்கியோ போகோணும்ங்கறாங்க. "வயசானா அப்படித்தான், தூக்கத்துக்கு ஒரு ஊசி போட்டுரலாம்"னு வார்டுல சொல்றாங்க. எதை ஆபத்துன்னு எடுத்துக்கறது? டாக்டரை எப்ப எழுப்பறது, என்னன்னு சொல்றது?

பதில்: அந்த ராத்திரியே எழுப்புங்கள். வயதால் வரும் மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். சாயங்காலம் தெளிவாக இருந்தவர் நள்ளிரவில் குழம்பினால் அது வேறு விஷயம். டெலிரியம் என்று பெயர். பல நேரம் அதன் காரணம் மூளைக்கு வெளியே, உடம்பில் எங்கேயோ இருக்கும்: சர்க்கரை இறங்கியிருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும், நுரையீரலில் சளி கட்டியிருக்கும், ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பதைவிட, ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நடந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

பெரியவருக்கு வயது 76. மஞ்சளும் கரும்பும் வைக்கும் விவசாயி. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். மதியம்தான் யூரின் டியூபை எடுத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ட்யூட்டி ஏற்ற நர்ஸிடம் இந்த வருஷம் மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். இதை அரட்டை என்று தள்ளிவிடாதீர்கள். ட்யூட்டி ஏற்கும்போது ஒவ்வொரு பெரியவரிடமும் இரண்டு நிமிடம் பேசினால்தான், பின்னால் "இவர் இப்படி இல்லையே" என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

1.40 மணிக்கு மகன் ஓடி வந்தார். "சிஸ்டர், அப்பா கட்டிலை விட்டு இறங்கறாருங்க."

போய்ப் பார்த்தால் பெரியவர் வேட்டியை இழுத்துக்கொண்டு, கம்பியைத் தாண்டக் காலைத் தூக்குகிறார். "கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடோணும். மடையத் திருப்பி உடு கண்ணு." ராத்திரியில் மூன்று ஃபேஸ் மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் கட்டிய மனிதர் அவர். வீட்டில் கேட்டால் தோட்ட ஞாபகம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நர்ஸ் எதிரே உட்கார்ந்து, "அப்பாரு, ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடியே சொல்லுங்க பார்ப்போம்" என்றார். "ஞாயிறு, சனி, வெள்ளி..." அங்கே நின்றது. பிறகு "வெள்ளி... வெள்ளி... வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?" ஊர் பெயரையோ மகன் பெயரையோ கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார், குழப்பம் தப்பிப் போயிருக்கும். டெலிரியத்தில் முதலில் உடைவது கவனம். ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக முடியாது. கிழமைகளைத் தலைகீழாகச் சொல்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை, அதனால் நம் ஊர் வார்டுக்கு அதுவே தோதான சோதனை. காது மந்தமானவர் என்றால் மட்டும் கேள்வி அவர் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து அவசரமாக ஆளைக் கொல்லும் காரணங்கள். முகம் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கிறாரா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்தார். மூன்றும் சரி. இதில் ஒன்று தவறியிருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது "கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்" என்பதுதான் டாக்டருக்கு முதலில் தேவை, ஏனென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. பிறகு விரலைக் குத்திச் சர்க்கரை: 148. எழுபதுக்குக் கீழே இருந்திருந்தால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் குளுக்கோஸ். ஆக்சிஜன் 96, காய்ச்சல் இல்லை, மூச்சு நிமிடத்துக்கு 18, பி.பி. 168/90, நாடி 112.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம்தான் ஆனது. பெரும்பாலானவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். நாடி கொஞ்சம் வேகம், மற்றதெல்லாம் பரவாயில்லை, ஒரு ஊசி போட்டால் தூங்கிவிடுவார் என்று. மகனும் அதைத்தான் கேட்டார். அந்த நர்ஸ் கேட்டது வேறு: "அப்பா கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

"அதெல்லாம் போயிட்டேதானுங்க இருக்காரு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா போறாரு. வேட்டியெல்லாம் நனைஞ்சுருது."

இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மூத்திரப்பை நிரம்பி வழியும்போதும் இப்படித்தான் சொட்டுச் சொட்டாக வரும். வீட்டார் கண்ணுக்கு அது "நிறையப் போகிறார்", உண்மையில் பை காலியாகவே இல்லை. நர்ஸ் போர்வையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். காற்றடித்த பந்து மாதிரி விறைப்பாக, தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரை எழும்பி நின்றது. விரலால் தட்டினால் வயிற்றின் மேல்பக்கம் காலிச் சத்தம், அங்கே மட்டும் மந்தமான சத்தம். கை பட்டதும் பெரியவர் முகத்தைச் சுளித்தார். வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. வேட்டியை இழுத்ததும் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்ததும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஏன் அடைத்தது? கேஸ் ஷீட்டில் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு, உடம்பு அரிக்கிறது என்று ஒரு ஏவில் ஊசி. நம் வார்டுகளில் மோர் கொடுப்பது போலச் சாதாரணமாகப் போகும் ஊசி அது, சிறு வயதுக்காரருக்குத் தூக்கம் வருவதோடு முடிந்துவிடும். எழுபது தாண்டியவருக்கு அது இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும்: மூத்திரப்பை சுருங்குவதைத் தடுக்கும், மூளையின் கவனத்தையும் நேரடியாகக் கலைக்கும். இவருக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம், அதன் மேல் டியூப் எடுத்த அன்றே இந்த ஊசி. சளிக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளிலும் இதே வகை மருந்து இருக்கிறது, வீட்டார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

டாக்டரை எழுப்பியபோது நர்ஸ் சொன்னது இது: "சார், ஆறாம் பெட், 76 வயசு, இடுப்பு ஆபரேஷன் ரெண்டாம் நாள். எட்டு மணிக்குத் தெளிவா இருந்தார், 1.40-க்குப் புதுசா குழப்பம், கிழமையைத் தலைகீழா சொல்ல முடியலை. கை கால் பலவீனம் இல்லை. சுகர் 148, ஆக்சிஜன் 96, நாடி 112, பி.பி. 168/90. மதியம் டியூப் எடுத்தது, ஒன்பது மணிக்கு ஏவில். அடிவயிறு தொப்புள் கிட்ட வரை விறைப்பா இருக்கு, மூத்திரம் கட்டியிருக்குன்னு நினைக்கறேன். வந்து பாருங்க, டியூப் செட் எடுத்து வெச்சிருக்கேன்." அரை நிமிடம்தான் ஆகும். "சார், பேஷண்ட் ரொம்ப டிஸ்டர்ப் பண்றார்" என்று மட்டும் சொல்லியிருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர் தூக்க ஊசியைத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுப்பத் தயக்கமாக இருந்தால் ஒரு கணக்கு உதவும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற, நாடி, மூச்சு, பி.பி. போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணிக்கும் முறையில், புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே 3. அந்த ஒன்றே அவசரமாக டாக்டர் பார்க்கப் போதும். இவருக்கு நாடி 112-க்கு இன்னொரு 2 சேர்ந்து 5 ஆனது. வெறும் நாடியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. 400, 500 ஆகும்போதே நமக்கெல்லாம் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும் என்று பழைய வார்டுகளில் சொல்வார்கள், அது தேவையில்லை. ஆனால் பி.பி. இறங்குகிறதா, மூத்திரம் சிவக்கிறதா என்று பாருங்கள், அடுத்த சில மணி நேரம் அளவையும் மணிக்கு மணி எழுதுங்கள். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால் உடம்பு வற்றிவிடும், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தூக்க ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமைதியாகப் படுத்திருப்பார், பை இன்னும் விரிந்திருக்கும், காலையில் குழப்பம் கூடியிருக்கும். கையைக் கட்டுவதும் அப்படியே, கட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள். இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாததைக் கண்டு பயந்தால் அவருக்கு அந்த வகை ஊசிதான் மருந்து, டாக்டர் சொல்லும் அளவில். ஆகவே மகனைத் தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், மருமகள் முன்னால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இவர் விஷயத்தில் "நோம்பி நொடிக்குத்தானுங்க" என்று பதில் வந்தது.

மூன்று மணிக்குப் பெரியவர் தூங்கினார். ஆனால் காலையில் எழுந்து பளிச்சென்று ஆகிவிடவில்லை. மறுநாள் ராத்திரியும் கொஞ்சம் தடுமாறினார், அதற்கடுத்த நாள்தான் கிழமைகளை முழுசாகத் தலைகீழாகச் சொன்னார். காரணம் போனாலும் குழப்பம் தெளிய நாள் பிடிக்கும் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு காரணம் கிடைத்ததோடு தேடலை நிறுத்தவும் கூடாது. அதனால்தான் காலையிலேயே சோடியமும் மற்ற ரத்தப் பரிசோதனைகளும் பார்த்தார்கள், ஏவில் நிறுத்தப்பட்டது, மூக்குக் கண்ணாடியைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து மாட்டிவிட்டார்கள்.

காலை ரவுண்டில் ஒரு சிக்கல் வரும். டெலிரியம் ஏறி இறங்கும், ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் வரும்போது நோயாளி சிரித்துப் பேசுவார், ராத்திரி நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் "டிஸ்டர்ப்டாக இருந்தார்" என்று எழுதாமல், எத்தனை மணிக்கு என்ன சொன்னார், கிழமை எதுவரை வந்தது, தொட்டுப் பார்த்ததில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரிப்ஸைப் பிடுங்குபவர் எப்படியும் உங்கள் கண்ணில் படுவார். பக்கத்துக் கட்டிலில் சத்தமே இல்லாமல் கிடக்கும் ஆத்தாவுக்கும் டெலிரியம் இருக்கலாம், இந்த அமைதி வகைதான் அதிகம் தவறிப்போகிறது. கூப்பிட்டால் கண் திறந்து, பாதிப் பேச்சில் மறுபடி சொருகிவிடுவார். "பாவம், அசந்து தூங்கறாங்க" என்று மகள் சொல்லுவார். நேற்று தானே எழுந்து காபி வாங்கிக் குடித்தவர் இன்று காலை டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனால், அவருக்கும் அதே கிழமைக் கேள்வி, அதே சர்க்கரை, அதே அடிவயிறு.